சர்க்கரை உள்ள அத்தா ரமலான் நோன்பு வைக்கிறார். டாக்டரிடம் என்ன கேட்பது?

உத்தமபாளையம்_ரபீக்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சர்க்கரை டாக்டர் பேசிய வீடியோ வந்தது. நல்ல வீடியோ. அதிகாலைச் சஹர் சாப்பாட்டை விடாதீர்கள், சுகர் 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் அந்த நேரமே நோன்பை விட்டுவிடுங்கள், வயதானவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே உங்கள் மருத்துவரைப் பாருங்கள் என்று தெளிவாகச் சொல்கிறார். ஆனால் மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்பது என்று அதில் இல்லை. எங்கள் டாக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்ப்பவர். போய் உட்கார்ந்தால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்.

அத்தாவுக்கு 71 வயது. காலையில் சாப்பாட்டுக்கு முன் கிளிமிப்பிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 இரண்டும் சேர்ந்த மாத்திரை. இரவில் அதே வகையில் 1 மி.கி., 500. பிரஷருக்கு மெட்டோப்ரொலால். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி 7.8, கிரியாட்டினின் 1.5.

போன திங்கட்கிழமை ஷஅபான் சுன்னத் நோன்பு வைத்தார். காலை மாத்திரையை அப்படியே சஹரில் போட்டுக்கொண்டார். நான் அவ்வப்போது விரலில் குத்திப் பார்த்தேன். காலை 8 மணிக்கு 142, பகல் 12 மணிக்கு 103, மூன்றரைக்கு 66. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார், அவ்வளவுதான். 'மஃரிபுக்கு இன்னும் மூணு மணி நேரம்தானே' என்று விடவே மாட்டேன் என்றார். அம்மா அழுத பிறகுதான் சர்க்கரைத் தண்ணீர் குடித்தார். கால் மணி நேரம் கழித்து 84.

எனக்கு அனுபவமுள்ளவர்களின் உதவி வேண்டும்.

பள்ளிவாசல்_தெரு

வ அலைக்குமுஸ்ஸலாம். தம்பி, குர்ஆனிலேயே தெளிவாக இருக்கிறது. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம். தீராத நோய் உள்ளவர், வைக்கவே முடியாத முதியவர் என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம். அத்தாவுக்கு இதைச் சொல்லுங்கள். விஷயம் முடிந்தது.

உத்தமபாளையம்_ரபீக்

ஜஸாக்கல்லாஹ் பாய். சலுகை இருப்பது அத்தாவுக்கு நன்றாகவே தெரியும். எட்டு வயதிலிருந்து நோன்பு வைப்பவர், விட மாட்டேன் என்கிறார். அவர் வைக்கலாமா, வைத்தால் மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் என் கேள்வி.

கம்பம்_சலீம்

காலையில் சாப்பிடாத நாளில் மாத்திரை எதற்கு? நோன்பு முழுக்க மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லுங்கள். லோ சுகர் வராது. என் நண்பர் அப்படித்தான் செய்கிறார், நன்றாக இருக்கிறார்.

மருத்துவர்_நஸ்ரின்

சலீம் பாய், லோ வராது என்பது சரி. மற்றதை ஏற்க முடியாது. போன வருடம் எங்கள் ஊரில் ஒருவர் இப்படி எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டு, இரவில் கஞ்சி, வடை, சர்பத் என்று சாப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு நோன்புக்குள் சுகர் 400-ஐத் தாண்டி, நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். பகலில் பசி, இரவில் விருந்து. அந்த இரவுக்குத்தான் மருந்து தேவை.

ரபீக், நான் பொது மருத்துவர். உங்கள் அத்தாவைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நடந்தது ஏன் நடந்தது என்று சொன்னால், டாக்டரிடம் கேட்க வேண்டியது உங்களுக்கே புரிந்துவிடும்.

அந்தச் சேர்ந்த மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது, இரண்டின் குணமும் வேறு. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் லோ சுகர் உண்டாக்குவது மிகவும் அரிது. கிளிமிப்பிரைடு அப்படியில்லை. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காது. காலை 2 மி.கி. எதற்கு? காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் சேர்த்து. அத்தா அதைச் சஹரில் போட்டார், மதியச் சோறு வரவில்லை. மருந்து மட்டும் வேலை செய்தது. 142, 103, 66 என்று ஒழுங்காக இறங்கியிருப்பதைப் பாருங்கள்.

நோன்பில் பகல் இரவாகிறது, இரவு பகலாகிறது. அதனால் பொதுவான வழக்கம் என்னவென்றால், கிளிமிப்பிரைடு வகை மாத்திரையில் பெரிய அளவு நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும், சஹர் அளவைக் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்தியே விடுவார்கள். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் அதே அளவில் இஃப்தாருக்கும் சஹருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். இங்கேதான் சேர்ந்த மாத்திரை குறுக்கே நிற்கிறது. ஒன்றைக் குறைத்து மற்றதை அப்படியே வைக்க அதில் வழி இல்லை. பாதியாக உடைக்கலாமே என்று நினைக்காதீர்கள். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டிருக்கும், உடைத்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும். ஆகவே டாக்டரிடம் உங்கள் முதல் கேள்வி: 'நோன்பு மாதத்துக்கு மட்டும் இந்த இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தருவீர்களா?'

கம்பம்_சலீம்

மெட்ஃபார்மின் லோ பண்ணாது என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். என் நண்பருக்கு அது மட்டும்தான். அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை போல.

மருத்துவர்_நஸ்ரின்

லோ ஆகாமல் இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அதையும் நிறுத்திவிட்டு இரவில் சுகர் எவ்வளவு ஏறுகிறது என்று அவர் பார்த்தாரா? உணர்வை வைத்து 250-ஐக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. மாத்திரைப் பெயர் தெரியாமல் 'சுகர் மாத்திரை' என்று மட்டும் சொல்பவர்கள்தான் அதிகம். வீடியோக்களில் டாக்டர்கள் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கிளிபென்கிளமைடு இன்னும் சிலர் போடுகிறார்கள். நோன்பு வைக்கும் முதியவருக்கு அது மிகவும் ஆபத்தானது, அதன் வேலை நீண்ட நேரம் நிற்கும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள் உடம்புத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அவற்றை ரமலான் நெருங்கும்போது புதிதாகத் தொடங்குவதில்லை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

கீழக்கரை_லாத்தா

நஸ்ரின், நான் நினைத்ததை நீ எழுதிவிட்டாய். என் வாப்பாவுக்கு இன்சுலின், கலவை வகை, காலை அதிகம், இரவு குறைவு. அதையும் இப்படித்தான் மாற்றினார்கள். காலை அளவு இஃப்தாருக்குப் போனது, சஹருக்கு இரவு அளவில் பாதி. ஆனால் முதல் வருடம் டாக்டரிடம் சொல்லவே இல்லை. ஏனென்றால் முந்தின வருடம் ஒரு டாக்டர் 'இந்த வயதில் நோன்பா, கூடவே கூடாது' என்று சத்தம் போட்டுவிட்டார். அதோடு வாப்பா மறைத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரில் நிறைய பேர் இப்படித்தான். நோன்பு வைப்பது டாக்டருக்குத் தெரியாது, மாத்திரையை மாற்றியது வீட்டுக்கே தெரியாது.

எனக்கு இது பெரிய கவலை. 'மருத்துவரைக் கேளுங்கள்' என்று வீடியோவில் சொல்பவர்கள், 'அவர் கூடாது என்றாலும் ஏன் என்று கேளுங்கள், இருந்தும் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்' என்று சேர்த்துச் சொல்லலாம். தெரிந்தால்தானே ஆபத்தைக் குறைக்க அவரால் முடியும்.

மருத்துவர்_நஸ்ரின்

லாத்தா சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. மறைத்து வைக்கும் நோன்புதான் நான் பார்த்ததில் மிக ஆபத்தானது. 13 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த எபிடியார் என்ற பெரிய ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்களுக்கு ரமலானில் கடுமையான லோ சுகர் மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு அதிகமாக இருந்தது. டாக்டரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும் என்று எல்லாரும் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேசினால் நல்லது. ரபீக், உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இந்த வாரமே போங்கள்.

அத்தாவின் வயதைப் பற்றி. அன்று நடுக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மெட்டோப்ரொலால் போடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிவிடும். வியர்வை மட்டும் வரலாம், முதியவர்களுக்குச் சில சமயம் அதுவும் தெளிவாக வராது. கேட்டதையே கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, திடீரென்று கோபம், தூங்கி வழிவது, இவைதான் அவருடைய எச்சரிக்கை. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று அவர் சொன்னால் அதை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

கிரியாட்டினின் 1.5 என்றால் இந்த வயதில் சிறுநீரகம் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வடிகட்டுகிறது. கிளிமிப்பிரைடு உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அதனால்தான் சர்க்கரைத் தண்ணீர் குடித்து 84 வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. அந்தச் சர்க்கரை அரை மணி, முக்கால் மணியில் தீர்ந்துவிடும், மருந்து தீராது. ஏறிய பிறகு சோறோ இட்லியோ கொஞ்சம் சாப்பிட வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கம்_மாலதி

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என் அம்மா வைகுண்ட ஏகாதசிக்கு நாள் முழுக்க இருப்பார். தண்ணீர், பழம் மட்டும். அவருக்கும் கிளிமிப்பிரைடுதான். அன்று காலை வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கிறார். இதுவும் அதே பிரச்சினையா?

மருத்துவர்_நஸ்ரின்

அதேதான் மாலதி. தண்ணீர் குடிக்கலாம், ஒரே நாள் என்பது அவருக்குச் சாதகம். ஆனால் சாப்பாடு இல்லாத காலையில் கிளிமிப்பிரைடு போடுவது சரியில்லை. 'விரத நாளில் காலை மாத்திரையை விடலாமா?' என்று அவருடைய டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழத்தையும் ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல்_தெரு

விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறியும் என்று பலர் நினைக்கிறார்கள். ரபீக் தம்பியின் அத்தாவும் நினைக்கலாம், எனவே சொல்கிறேன். முறியாது. சோதனைக்காக எடுக்கும் துளி ரத்தத்தால் நோன்பு போகாது என்பதில் ஆலிம்களிடம் எனக்குத் தெரிந்து மாற்றுக் கருத்து இல்லை. இன்சுலின் ஊசியும் உணவு அல்ல என்பதால் முறியாது என்பதே பெரும்பாலோர் கருத்து.

உயிருக்கு ஆபத்து வரும்போது மஃரிப் வரை காத்திருப்பது மார்க்கம் கேட்கும் பொறுமை அல்ல. அன்று அவர் விட்டது சுன்னத் நோன்பு. ரமலானில் இப்படி நேர்ந்தாலும் குற்றமில்லை, பிறகு களா செய்துகொள்ளலாம். உங்கள் பள்ளி இமாமையே வீட்டுக்கு அழைத்து அத்தாவிடம் சொல்லச் சொல்லுங்கள். மகன் சொல்வதைவிட எடுபடும்.

காயல்_மருமகள்

என் கேள்வி வேறு. எனக்கு 28 வாரம். கர்ப்பகால சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை, இன்சுலின் எதுவும் இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும்தான். சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாமி அவர்களுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றோடு நோன்பு வைத்தவர்கள். ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். எனக்கும் ரமலானை விட மனமில்லை. நான் வைக்கலாமா?

கம்பம்_சலீம்

தங்கச்சி, மருந்தே இல்லையென்றால் லோ ஆக வாய்ப்பில்லை என்று மேலே டாக்டரே சொல்லிவிட்டாரே. கவலைப்படாமல் வையுங்கள்.

மருத்துவர்_நஸ்ரின்

சலீம் பாய், நான் சொன்னது மெட்ஃபார்மின் மட்டும் போடும், கர்ப்பமில்லாத ஒருவரைப் பற்றி. இங்கே பயம் லோ சுகர் மட்டும் அல்ல.

காயல் தங்கச்சி, உங்களுக்கு இப்போது கொடுத்திருக்கும் சிகிச்சையே சாப்பாட்டைப் பிரிப்பதுதான். மூன்று வேளையும் சின்னச் சின்ன அளவு, நடுவே மூன்று சிறு தீனி, அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்? கர்ப்பத்தில் வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு வைக்கும் அளவைவிட இது இறுக்கமானது. நோன்பு இதை அப்படியே தலைகீழாக்கும். 13 மணி நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் ஒரே மணி நேரத்தில் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை. அந்த இரவில் 120 நிற்காது. ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். பகலில் வேறொன்று. கர்ப்பிணியின் உடம்பு மற்றவர்களைவிட வேகமாகக் கொழுப்பை எரிக்க இறங்கிவிடும், ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். தண்ணீரும் இல்லையென்றால் சீக்கிரமே தளர்ந்துபோவீர்கள்.

ஆகவே கர்ப்பகால சர்க்கரை இருந்தால் வைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் மகப்பேறு மருத்துவரும் அநேகமாக அதையே சொல்வார். அவரிடம் கேளுங்கள், உங்கள் மீட்டர் நோட்டோடு போங்கள். மாமிக்கு அந்தக் காலத்தில் சர்க்கரைச் சோதனை செய்தார்களா என்பதே தெரியாது. அவர்களுக்கு இல்லாமலே இருந்திருக்கலாம், அப்படியென்றால் அவர்கள் நோன்பும் உங்கள் நோன்பும் ஒன்றல்ல.

காயல்_மருமகள்

சர்க்கரையே இல்லாத கர்ப்பிணி என்றால் வைக்கலாமா? என் தங்கைக்கும் நான்கு மாதம்.

மருத்துவர்_நஸ்ரின்

அதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஆரோக்கியமான பெண்கள் பலர் வைக்கிறார்கள், பெரும்பாலோருக்குக் குழந்தை நன்றாகவே பிறக்கிறது. நீண்ட காலத்தில் என்ன விளைவு என்பதில் முடிவான பதில் இல்லை. ரத்தசோகை, பிரஷர், குழந்தை வளர்ச்சிக் குறைவு, முன்பு குறைமாதப் பிரசவம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். இல்லையென்றால் அவளுடைய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். வைத்துக்கொண்டிருக்கும்போது தலைசுற்றல், நிற்காத வாந்தி, சிறுநீர் அடர்ந்த நிறமாகி அளவு குறைவது, பிந்தைய மாதங்களில் குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அப்போதே நோன்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளிவாசல்_தெரு

சகோதரிக்கு ஒரு வார்த்தை. விட்ட நோன்பைப் பிறகு களா செய்வது இரண்டு மத்ஹபிலும் உண்டு. குழந்தைக்காக மட்டும் பயந்து விட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு ஃபித்யாவும் சேரும். ஹனஃபியில் களா மட்டும் போதும். காயலில் நீங்கள் ஷாஃபிஈயாக இருப்பீர்கள், உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_லாத்தா

காயல் தங்கச்சி, நானும் இரண்டாவது பிள்ளைக்கு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு சிறுகச் சிறுகக் களா செய்தேன். மாமியிடம் நீயாகப் பேசாமல், டாக்டரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப் போ. எங்கள் வீட்டில் அதுதான் வேலை செய்தது.

உத்தமபாளையம்_ரபீக்

டாக்டரைப் பார்த்துவிட்டோம். அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள், அன்றைய மூன்று அளவுகள், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போனேன். அதைப் பார்த்ததும் அவரே நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். 'எனக்குச் சம்மதமில்லை. சிறுநீரகமும் வயதும் சேர்ந்திருக்கிறது, விடுவதுதான் நல்லது' என்று முதலில் சொன்னார். அத்தா முகம் வாடிவிட்டது. லாத்தா சொன்னபடி, எப்படியும் வைக்கத்தான் போகிறார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் மாத்திரைகளைப் பிரித்து எழுதினார். நோன்பு திறக்கும்போது கிளிமிப்பிரைடு 2, மெட்ஃபார்மின் 500. சஹரில் மெட்ஃபார்மின் 500 மட்டும். காலை, பகல், மூன்றரை மணி, திறப்பதற்கு முன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து என்று பார்க்கச் சொன்னார். 70-லிருந்து 90-க்குள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி, 70-க்குக் கீழே என்றால் கேள்வியே இல்லை, விட வேண்டும். ரமலான் நடுவில் ஒரு முறை கிரியாட்டினின் எடுக்கச் சொல்லியிருக்கிறார், ஏறினால் அன்றோடு நோன்பு முடிவு. தராவீஹை உட்கார்ந்து தொழச் சொன்னார்.

வியாழக்கிழமை இந்த முறையில் ஒரு நோன்பு வைத்துப் பார்த்தோம். காலை 8-க்கு 168, பகல் 131, மூன்றரைக்கு 108, திறப்பதற்கு முன் 97. ஆனால் திறந்து இரண்டு மணி நேரத்தில் 261. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

மருத்துவர்_நஸ்ரின்

பகல் அளவுகள் பிரமாதம். 261-க்காக மாத்திரையைத் தொடாதீர்கள், கூட்டினால் நடு இரவில் இறங்கிவிடும். திறக்கும்போது என்ன சாப்பிட்டார்?

உத்தமபாளையம்_ரபீக்

மூன்று பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் ரோஸ் மில்க், இரண்டு கிண்ணம் கஞ்சி, மூன்று வடை. தொழுதுவிட்டு வந்து பரோட்டா.

மருத்துவர்_நஸ்ரின்

முதலில் ரோஸ் மில்க்கை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், தாகம் அதில் நன்றாகத் தீரும். பேரீச்சம்பழம் ஒன்று. கஞ்சி ஒரு கிண்ணம், அதில் அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பையும் கறியையும் கூட்டச் சொல்லுங்கள். கஞ்சியே அவருடைய சோறு, அதன் மேல் பரோட்டா வந்தால் இரண்டு சாப்பாடு ஆகிவிடும். பரோட்டாவுக்குப் பதில் மீனும் காய்கறியும் வைக்கலாம். சஹரை முடிந்தவரை பிந்திச் சாப்பிடட்டும், அதில் முட்டையோ பருப்போ இருக்கட்டும். இந்த மாற்றத்தோடு இன்னும் இரண்டு மூன்று இரவு பார்த்துவிட்டு, அப்போதும் 250-ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். முடிவு அவருடையது.

கம்பம்_சலீம்

என் நண்பருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன் என்கிறார். மீட்டர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உத்தமபாளையம்_ரபீக்

நேற்று இரவு ரோஸ் மில்க்கும் பரோட்டாவும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் 204. வடையைக் குறைக்க அத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. இமாம் வெள்ளிக்கிழமை வருகிறார், 70-க்குக் கீழே வந்தால் விட வேண்டும் என்பதை அவர் வாயால் அத்தாவிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.